சிவமணி மேல்வீட்டை ஒப்படைத்த நாள்

சிவமணி பற்பசையால் சுவரின் ஆணி ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தாள். சாமிப்படங்கள் மாட்டியிருந்த சுவர் அது. ஏழு ஓட்டைகள். வெள்ளைப் பற்பசையை விரல் நுனியில் எடுத்து ஓட்டைக்குள் அழுத்தி, பழைய பஸ் ரிக்கற் ஒன்றின் விளிம்பால் வழித்துவிட்டு, ஓர் அடி பின்னால் நகர்ந்து பார்ப்பாள். திருப்தி வராது. திரும்பவும் கிட்டப் போவாள்.

"அரசாங்கக் களஞ்சியக்காரி செய்யிற வேலையோ இது?" என்றாள் மகள் மதனி. அவள் நிலத்தில் குந்தியிருந்து புத்தகப் பெட்டி ஒன்றுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆணி அடிக்கக் கூடாதெண்டு அக்ரிமென்றில இல்லை. ஓட்டையை அடைக்கக் கூடாதெண்டும் இல்லை."

மணி எட்டரை. வீட்டுக்காரர் முஹ்ஸின் ஹாஜியார் பத்து மணிக்கு மேலே வருவதாகச் சொல்லியிருந்தார். கட்டுகஸ்தோட்டையில் அவருடைய இரண்டுமாடி வீட்டின் மேல்தட்டில்தான் சிவமணி இரண்டு வருடமாக இருந்தாள். கீழ்த்தட்டில் ஹாஜியாரும் மனைவி கைரியாவும். அவர்களுடைய மகள் ரிப்கா மாப்பிள்ளையோடு மேல்வீட்டுக்கு வரப்போகிறாள். மே மாதமே ஹாஜியார் கடிதம் தந்துவிட்டார். அக்ரிமென்ற் ஜூலை முப்பத்தோராம் திகதி முடிகிறது. அதற்குப் பிறகு நீட்டமுடியாது, குறை நினைக்க வேண்டாம் என்று வாயாலும் சொன்னார். சிவமணி குறை நினைக்கவில்லை. வேறு வீடு தேடத் தொடங்கினாள்.

ஐம்பத்து மூன்று வயதில் அது அவளுக்குப் பத்தாவது வாடகை வீடு. அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலை. யாழ்ப்பாணத்தில் தொடங்கி, வவுனியாவுக்கு மாறி, கணவர் சிறுநீரகம் பழுதாகித் தவறிய வருடம் கண்டிக்கு மாற்றம் கேட்டு வந்தவள். வீடு மாறுவதில் அவளுக்குப் பெரிய துக்கம் எதுவும் கிடையாது. அட்வான்ஸ் காசுதான் அவளுடைய தலையிடி. வவுனியாவில் ஒரு வீட்டுக்காரர் பெயின்ற் அடிக்க வேண்டுமென்று சொல்லி முழுக்காசையும் வைத்துக்கொண்டார். கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் நின்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோவை. அக்ரிமென்றின் பிரதி, சாமான் பட்டியல், வாடகை கட்டிய பற்றுச்சீட்டுகள், லைற் பில், தண்ணி பில் எல்லாம் திகதி வரிசையில். போனுக்குக் கமரா வந்த பிறகு படங்களும் சேர்ந்துகொண்டன.

இந்த முறை அவளுக்கு இருந்த அந்தரம் வேறு. ஹாஜியாரிடம் நாலு மாத வாடகை அட்வான்சாக இருந்தது. ஒரு லட்சத்து எண்பதாயிரம். குண்டசாலையில் பார்த்த வீட்டுக்கு இரண்டு லட்சம் வேண்டும். மதனி வேலை செய்யும் பல்லேகல தொழிற்சாலைக்குப் பத்து நிமிட நடை; குழாய்த் தண்ணீர் தடைப்படாத இடம்; விட மனமில்லை. அந்த வீட்டுக்காரர் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிவரைதான் பொறுப்பேன் என்றார். அவரிடம் இன்னொரு ஆள் காசோடு நிற்கிறாராம். இன்று ஞாயிறு, ஜூலை பதின்மூன்று. வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் சிவமணி எந்த வீட்டுக்குள்ளும் பால் காய்ச்சமாட்டாள். நாளை திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் இருந்தது. அதைவிட்டால் ஆவணிவரை வீடும் இல்லை, நாளும் இல்லை. வீட்டை ஒப்படைத்தால்தான் அட்வான்ஸ் திரும்பும்; அதனால்தான் மாதம் முடியுமுன்பே ஒப்படைக்கிறாள். ஹாஜியாரின் காசு முழுசாக வந்தால் தன்னிடம் இருக்கும் கொஞ்சத்தையும் போட்டு இன்றைக்கே அனுப்பலாம். வராவிட்டால் கட்டிவைத்த சாமான்களோடு எங்கே போவதென்று அவளுக்குத் தெரியாது.

அவள் பற்பசை மூடியைத் தேடினாள். காணவில்லை. மூடாமலே பெட்டிக்குள் போட்டாள்.

ஹாஜியார் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். கண்டி நகரத்தில் டைல்ஸ், குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை அவருடையது. வெள்ளைத் தொப்பி, மடித்த முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் மரவேலைக்காரர் வைத்திருப்பதுபோல ஒரு தட்டைப் பென்சில். கையில் சாமான் பட்டியலின் அவருடைய பிரதி. உறுதி எழுதும் நொத்தாரிசின் கிளாக்கர் தட்டச்சுச் செய்த இரண்டு தாள், முப்பத்தொரு உருப்படி, அடியில் இருவரின் கையெழுத்தும் திகதியும்: 2023 ஆகஸ்ட் ஒன்று.

இருவரும் அறை அறையாகப் போனார்கள். ஹாஜியார் பெயரை வாசிப்பார், சிவமணி காட்டுவாள், இருவரும் அவரவர் தாளில் சரி போடுவார்கள். மின்விசிறி மூன்று, மூன்றும் போட்டுப் பார்த்தது. பல்ப் ஒன்பது. குளியலறை ஹீட்டர். பிறகு சாவிகள்: வாசல் திறப்பு இரண்டு, அறைத் திறப்பு மூன்று, பல்கனிக் கேற் திறப்பு ஒன்று. அலுமாரிக் கதவொன்றின் கைபிடி ஆடியது. ஹாஜியார் தானே திருகாணியை முறுக்கிவிட்டு, பாவிச்சாத் தேயும்தானே என்றார். அக்ரிமென்றிலும் அப்படித்தான் இருந்தது: சாதாரண பாவனையால் வரும் தேய்மானம் நீங்கலாக.

சாமிச் சுவருக்கு முன்னால் நின்று விரலால் தடவி, விரலை மூக்குக்குக் கொண்டுபோனார்.

"மிஸ், செவருக்குப் பல்லுத் தீட்டிவிட்டீக்கிறீங்க போல."

சிவமணிக்குக் காதுவரை சூடேறியது. அவர் சிரித்துக்கொண்டே அந்த வரிக்கும் சரி போட்டார். ரிப்காவின் மாப்பிள்ளை எப்படியும் வேறு நிறம் அடிக்கப்போகிறாராம்.

வெளியே போய் லைற் மீற்றரையும் தண்ணி மீற்றரையும் மதனி படமெடுத்தாள். கடைசி பில்லுக்குப் பிறகு ஓடிய அலகுகளைக் கூட்டி, இன்னும் வராத பில்லுகளுக்காக எட்டாயிரம் ரூபா ஹாஜியார் கையில் நிற்பதென்றும், பில் வந்ததும் மிச்சத்தைத் திருப்புவதென்றும் பேசி எழுதிக்கொண்டார்கள். இதுவரை ஒரு மணித்தியாலம். சிவமணி மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். ஒரு லட்சத்து எழுபத்திரண்டு. தன்னிடம் இருபத்தெட்டு. சரியாக வரும். ஒரு ரூபா குறையக் கூடாது.

குண்டசாலை வீட்டுக்காரரின் அழைப்பு வந்தது. அவள் எடுக்கவில்லை.

கடைசியாகக் குசினி. உருப்படி இருபத்திமூன்று: தரை டைல்ஸ், நல்ல நிலையில். ஹாஜியார் வாசித்துவிட்டுச் சரி போடப் போனவர், தென்கிழக்கு மூலையைப் பார்த்து நின்றார். இரண்டு வருடமாக அந்த மூலையில் காஸ் சிலிண்டர் நின்றது. நேற்றுத்தான் அதை இழுத்து வெளியே வைத்தார்கள். சிலிண்டரின் வட்டமான துரு அடையாளத்துக்குள்ளிருந்து ஒரு வெடிப்புப் புறப்பட்டு, ஒரு டைலைக் குறுக்கே கடந்து, பக்கத்து டைலின் பாதிவரை போயிருந்தது.

அவர் குந்தியிருந்து நகத்தால் இழுத்துப் பார்த்தார். வாசல் திறப்பால் தட்டினார். நல்ல டைலில் ஒரு சத்தம், இதில் வேறு சத்தம்.

"இது எப்ப வெடிச்சது? நாங்க தரக்கொள்ள இப்பிடி ஈக்கல்லயே."

சிவமணியும் குனிந்து பார்த்தாள். நேற்றுச் சிலிண்டரை இழுக்கும்போது இருட்டிவிட்டது; கவனிக்கவில்லை. தனக்குத் தெரியாது என்றாள். அது உண்மை.

ஹாஜியாரின் முகத்தில் கடைக்காரர் வந்தார். இந்த டைல் இப்போது வருவதில்லை, கம்பனியே நிறுத்திவிட்டது, கடையில் ஒரு பெட்டிகூட இல்லை என்றார். இரண்டை மட்டும் மாற்றினால் நிறம் தெரியும். மகள் புதிதாகக் குடிவருகிற வீடு. குசினி முழுக்கப் புதிதாகப் போடவேண்டும். பட்டியல் தாளின் முதுகில் பென்சிலால் எழுதினார். டைல், பசை, உடைக்கிற கூலி, ஒட்டுகிற கூலி. அறுபத்திரண்டாயிரம்.

"நான் இலாபம் வெச்சிச் சொல்லல்ல மிஸ். கடை விலையில போட்டீக்கேன்."

அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட வாடகையைக் கூட்டிக் கேட்காதவர். பெருநாளுக்குக் கீழேயிருந்து வட்டிலப்பம் வரும். பொங்கலுக்கு மேலேயிருந்து சர்க்கரைப் பொங்கல் போகும். அதெல்லாம் வேறு, உருப்படி இருபத்திமூன்று வேறு என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

மதனி விடவில்லை. உடைந்தது இரண்டென்றால் இரண்டுக்குத்தான் கேட்கலாம், பழைய தரைக்குப் பதிலாகப் புதுத்தரையை எங்கள் காசில் போடமுடியாது என்றாள். தொழிற்சாலையில் தரப்பரிசோதனைப் பகுதியில் வேலை. குரலை உயர்த்தாமலே ஆளை நிற்பாட்டப் பழகியவள். ஹாஜியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்ட தாளில் "நல்ல நிலையில்" என்று இருக்கிறதே மகள் என்றார்.

அதற்கு மறுமொழி சிவமணியிடம் இருந்தது. ஆனால் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தத் தாளை அவர்கள் வீட்டில் வைத்து ஒப்பிடவேயில்லை. நொத்தாரிசின் கந்தோரில், மழைக்கு ஒதுங்கி நின்றவர்களின் நெரிசலுக்குள், கிளாக்கர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். களஞ்சியத்தில் எண்ணாமல் ஒரு பெட்டி ஊசிகூட வாங்காதவள். படங்கள்தான் முன்னமே எடுத்தாயிற்றே என்று நினைத்துவிட்டாள்.

"படம் இருக்குது அங்கிள்," என்றாள் மதனி. "வீட்டை எடுக்கேக்கை மூலை மூலையா எடுத்தனான். அண்டைக்கே உங்கட போனுக்கும் வட்ஸப்பில அனுப்பினனான். மேலுக்குப் போய்ப் பாருங்கோ."

ஹாஜியார் தன் போனை எடுத்து மேலே மேலே தள்ளினார். வாடகைப் பற்றுச்சீட்டுகள், ரிப்காவின் கலியாணக் காட், பெருநாள் வாழ்த்துகள், திரும்பவும் பற்றுச்சீட்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே, 2023 ஜூலை பன்னிரண்டு, காலை பத்து ஐம்பத்திரண்டு என்ற நேரத்தோடு படங்கள் நிரையாக வந்தன. அவர் அவற்றை ஒருபோதும் திறந்து பார்த்ததில்லை; ஒவ்வொன்றாக இறக்க நேரமெடுத்தது.

"பதினெட்டாவது," என்றாள் மதனி.

அவர் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கினார். குசினி மூலை. ஈரத்தரை. தெளிவாக, மயிரிழை தடிப்பில், அதே வெடிப்பு. அப்போது ஒரு டைலில் மட்டும்.

சிவமணி அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். வெடிப்பைப் பார்த்ததும் வந்த ஆறுதல் அரை நிமிடம் நிற்கவில்லை. தரை ஏன் ஈரமாக இருக்கிறது என்று அவளுடைய மனம் கேட்டது. படத்தின் ஓரத்தில், சுவரும் தரையும் சேரும் கோட்டில், செங்கல் தூள்.

அந்த வருடமும் ஆடிதான் சிக்கல். வீடு ஆகஸ்ட் ஒன்றிலிருந்து. ஆனால் ஆடிக்கு முன்பே பால் காய்ச்சிவிடவேண்டுமென்று ஹாஜியாரிடம் இரண்டு மணித்தியாலத்துக்குத் திறப்பை வாங்கினாள். தென்கிழக்கான அக்கினி மூலையில் மூன்று செங்கல் வைத்து, சிரட்டை எரித்து, புதுப்பானையில் பால் பொங்கவைத்தாள். ஊரில் சீமெந்துத் தரையில் அப்படித்தான் செய்வது, தரைக்கு ஒன்றும் ஆவதில்லை. டைலுக்கு அடியில் மண்ணோ தகரமோ போடவேண்டுமென்று அவளுக்குத் தோன்றவேயில்லை. பிறகு சாம்பலைக் கூட்டி, தரையைக் கழுவினாள். மதனி அதற்குப் பிறகுதான் வீட்டைப் படமெடுத்தாள்.

மதனியின் போனில் அன்றைய இன்னொரு படமும் இருக்கும். பானை பொங்கி வழிகிற படம். குடும்பத்துக்கு அனுப்பிய படங்களில் ஒன்று, ஹாஜியாருக்கு அனுப்பவில்லை. சிவமணி மகளைப் பார்த்தாள். மதனி தன்னுடைய போனை இறுகப் பிடித்து, திரையை நெஞ்சோடு சாத்தி வைத்திருந்தாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கைரியா தட்டில் மூன்று தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்தாள். கணவரின் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள்.

"இது தங்கச்சி பால் காச்சின நாளெலுவா? எனக்கும் ஒரு தம்ளர் அனுப்பினீங்களே. சீனி கூடிப் போயிரிந்த."

"அதான். ஆடிக்கு முன்ன எண்டு தொறப்பு வாங்கின நாள்," என்றார் ஹாஜியார். அவருக்கு அது திகதியை உறுதிப்படுத்தியது, அவ்வளவுதான். அக்ரிமென்றுக்கு இருபது நாளுக்கு முன்பே வெடிப்பு இருந்திருக்கிறது. அவர் போனைத் தாழ்த்தினார். முகம் சுருங்கியிருந்தது, கோபத்தால் அல்ல.

"மாஃப் பண்ணுங்க மிஸ். பார்க்காமச் சொல்லிட்டேன்."

பென்சிலால் எழுதிய அறுபத்திரண்டாயிரத்தின்மேல் குறுக்கே கோடிழுத்தார். கைரியா தேத்தண்ணியைக் குடிக்கச் சொல்லிவிட்டுக் கீழே போனாள். சிவமணி கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், குடிக்கவில்லை.

ஹாஜியார் அத்தோடு விட்டிருந்தால் அவளும் விட்டிருப்பாளோ தெரியாது. ஆனால் டைல் கடைக்காரருக்கு வெடித்த டைல் ஒன்று சும்மா வெடித்ததாக இருக்கமுடியாது. யார் மீதாவது அது நிற்கவேண்டும். அவர் அப்போதே சின்னமுத்துவுக்குப் போன் எடுத்தார். ஹுன்னஸ்கிரியப் பக்கத்து ஆள், டைல் ஒட்டுகிற பாஸ். இந்தக் குசினித் தரையைப் போட்டதும் அவர்தான். ரிப்காவுக்காகக் குளியலறை உடைத்துச் செய்யும் வேலையும் அடுத்த கிழமை அவருக்குத்தான். ஹாஜியார் கைகளைத் துடைத்துக்கொண்டே பேசியதால் போன் சத்தமாக வைக்கப்பட்டு மேசையில் கிடந்தது.

அடியில் சாந்து ஒழுங்காகப் போடாமல் ஒட்டியிருக்கிறாய், உள்ளுக்குள் வெறுமை, குடியிருக்க ஆள் வருமுன்பே வெடித்திருக்கிறது, படத்தோடு ஆதாரம் இருக்கிறது என்றார் ஹாஜியார்.

"மொதலாளி, நான் போட்ட தரை அப்புடி வெடிக்காதுங்க," என்றது மறுபக்கக் குரல். "நெறையச் சாந்து போட்டுத்தான் ஒட்டினேன். சூடு கீடு பட்டாத்தான் வெடிச்சுத் தூக்கும். அங்கன யாராச்சும் தீ கீ வச்சாங்களா?"

"மூலையில என்னத்துக்குத் தீ? அடுப்பு மத்தப் பக்கம் ஈக்கி. கத சொல்லாம, பாத்ரூம் வேலயோட இந்தக் குசினியையும் கூலியில்லாமச் செஞ்சி தந்துடு. டைல் நான் போடுறேன்."

போனில், பின்னால் எங்கோ ஒரு பஸ் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போனது.

"சரிங்க மொதலாளி."

ஹாஜியார் போனை எடுத்து வங்கிச் செயலியைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றி, திரையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், சிவமணியின் கணக்கிலக்கத்தை ஒவ்வோர் எண்ணாகக் கேட்டார். அவள் மனப்பாடமாகத் தெரிந்த இலக்கத்தில் ஓரிடத்தில் தடுமாறினாள். மதனி எடுத்துக்கொடுத்தாள். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வர நேரமெடுத்தது. மேல்வீட்டில் சிக்னல் பிடிக்காதென்று அவர் பல்கனிக்குப் போனார்.

மதனி தாயின் முழங்கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்தாள்.

"அம்மா, வாயைத் திறவாதேங்கோ."

"உனக்குத் தெரியும். என்ன?"

"எனக்கு இப்பதான் தெரிஞ்சது. பானைப் படத்தைப் பார்க்கேக்கை. ஆனா சட்டப்படி பாருங்கோ. அக்ரிமென்ற் ஆகஸ்ட் ஒண்டிலயிருந்து. அதுக்கு முன்னம் நடந்தது வாடகைக்காரன்ர பொறுப்பில்லை."

"திறப்பு ஆரின்ர கையில இருந்தது?"

"அம்மா, மணி பன்னிரண்டே கால். மூண்டு மணிக்கு அந்த மனுசன் வீட்டை வேற ஆளுக்குக் குடுத்திடும். அறுபத்திரண்டைக் கழிச்சா எங்க போறது? இந்தப் பெட்டியளையும் தூக்கிக்கொண்டு நாவலப்பிட்டிக்குச் சித்தி வீட்டையோ? அங்கயிருந்து நான் பல்லேகலைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?"

சிவமணி குந்தினாள். தரையைப் பார்த்தாள். வெடிப்பைப் பெருவிரலால் தடவினாள். ஒரு விளிம்பு மற்றதைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தது. சின்னமுத்து சொன்னதுபோலத் தூக்கித்தான் இருந்தது. மதனி சின்னமுத்துவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதையும், தான் அதை எதிர்பார்த்து நின்றதையும் கவனித்தாள். அந்த ஆளை அவள் இரண்டே தடவைதான் கண்டிருக்கிறாள். ஒருமுறை குளியலறைக் குழாயடியில் டைல் பெயர்ந்தபோது வந்து சரி செய்துவிட்டு, இதுக்கெல்லாம் காசு வேணாங்க என்று போனவர்.

அவளுடைய போன் அதிர்ந்தது. வங்கிச் செய்தி. ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் வரவு.

ஹாஜியார் பல்கனியிலிருந்து உள்ளே வந்து, இரண்டு பட்டியல்களின் அடியிலும் எழுதினார்: அட்வான்ஸ் திருப்பிக் கொடுக்கப்பட்டது, பில்லுகளுக்காக எட்டாயிரம் நிறுத்தப்பட்டது, வேறு எந்தக் கோரிக்கையும் இரு பக்கமும் இல்லை. திகதி போட்டுக் கையெழுத்திட்டார். சிவமணியும் கையெழுத்திட்டாள். அரசாங்க வேலையில் முப்பது வருடம் கையெழுத்துப் போட்ட கை.

பிறகு போனை மதனியிடம் கொடுத்தாள்.

"அனுப்பு."

மதனி குண்டசாலை வீட்டுக்காரரின் கணக்குக்கு இரண்டு லட்சத்தையும் அனுப்பினாள். பற்றுச்சீட்டைப் படமெடுத்து அவருக்கும் போட்டாள். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. காசு கிடைத்தது, நாளை காலை ஐந்தரைக்குத் திறப்பை வந்து வாங்கலாம். மதனி பெருமூச்சு விட்டு, கட்டிவைத்த பெட்டியொன்றின்மேல் இருந்துவிட்டாள். லொறிக்காரனுக்கு எடுத்து விடியற்புறம் நாலு மணிக்கு வரச்சொன்னாள்; இன்றிரவு மேல்வீட்டிலேயே படுக்க ஹாஜியார் முன்னமே விட்டிருந்தார்.

ஹாஜியார் திறப்புகளை ஒரு வளையத்தில் கோத்துக்கொண்டிருந்தார். ஆறும் சரியாக இருக்கிறதா என்று மேசையில் பரப்பி எண்ணிவிட்டு, திரும்பவும் கோத்தார். ரிப்காவுக்கு இந்த வீட்டுக் காற்று பிடிக்கும் என்று தன்பாட்டில் சொன்னார்.

சிவமணி மேசைக்கு வந்தாள். அவருடைய பிரதியைத் தன் பக்கம் திருப்பினாள். உருப்படி இருபத்திமூன்றைத் தேடி, "நல்ல நிலையில்" என்றதை ஒரே கோட்டால் வெட்டினாள். களஞ்சியத்தில் பிழை திருத்துகிற முறை அது. அழிக்கக் கூடாது, வெட்டின எழுத்தை வாசிக்க முடியவேண்டும். மேலே சின்ன எழுத்தில் எழுதினாள்: இரண்டு டைல் வெடிப்பு, தொடக்கம் 12.07.2023, குடிவந்தவரால். பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டாள். தன்னுடைய பிரதியிலும் அப்படியே செய்தாள்.

"அம்மா," என்றாள் மதனி, பெட்டியிலிருந்து எழும்பாமல்.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். ஒருமுறை வாசித்துவிட்டு இரண்டாம் முறையும் வாசித்தார்.

"என்ன மிஸ் இது?"

"பால் காய்ச்சினது அந்த மூலையில, ஹாஜியார். கல்லு வைச்சு நெருப்பு மூட்டினனான். உங்கட பாஸ் சொன்னது சரி. சூட்டிலதான் வெடிச்சது."

"நீங்க வெடிப்பை அண்டைக்கே கண்டீங்களா?"

"இல்லை. இண்டைக்குத்தான் கண்டன். படத்தில."

"என்ட போன்ல."

"ஓம்."

அவர் மேசையில் கிடந்த போனைப் பார்த்தார். வங்கிச் செய்தியின் வெளிச்சம் அணைந்திருந்தது. அவர் என்ன கணக்குப் பார்க்கிறாரென்று சிவமணிக்கு விளங்கியது. மன்னிப்புக் கேட்டது, கோடிழுத்தது, காசு அனுப்பியது, கையெழுத்து, பிறகுதான் இது. அவர் அதை வாயால் சொல்லுமுன் தானே சொல்லிவிடவேண்டுமென்று அவள் அவசரப்பட்டாள்.

"காசு வந்த பிறகுதான் சொல்லுறன். அது எனக்கும் தெரியும். முன்னம் சொல்லியிருந்தா நீங்கள் கழிச்சிருப்பியள், கழிக்கிறது நியாயம். ஆனா எனக்கு நாளைக்கு வீடில்லாமப் போயிருக்கும். அந்தக் காசு இப்ப என்னட்டை இல்லை, குண்டசாலைக்குப் போட்டுது. ரெண்டு டைலின்ர காசோ, முழுத்தரையின்ர காசோ, நீங்கள் சொல்லுறதை ஆவணிச் சம்பளத்தில இருந்து மாசாமாசம் தாறன். எழுதித் தரச் சொன்னாலும் தாறன்."

ஹாஜியார் தாளை மேசையில் வைத்தார். தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பப் போட்டார். வெறும் வீட்டில் அந்தச் சின்ன அசைவுக்கும் சத்தம் இருந்தது. கீழே கைரியா குக்கரின் விசிலை எடுத்துவிடுவது கேட்டது.

"இரவல் தொறப்பில நெருப்பு வெச்சீக்கிறீங்க மிஸ்," என்றார் கடைசியில். குரல் உயரவில்லை.

"ஓம்."

"நான் அந்த மனிசனுக்கு ஏசிட்டேனே."

"கேட்டனான். அதுதான்," என்றாள் சிவமணி. "என்ர காசைப் பிறகு பேசுவம் ஹாஜியார். சின்னமுத்துவுக்கு இப்பவே ஒருக்கா எடுத்து, கூலி இல்லாமச் செய்யத் தேவையில்லை, பிழை அவரின்ர இல்லையெண்டு சொல்லுவியளோ?"

ஹாஜியார் தன் பிரதியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பென்சிலையும் வைத்தார். போனைக் கையில் எடுத்தார்; அதைத் திறக்கவில்லை. திறப்பு வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு, குசினி வாசலில் ஒரு கணம் நின்று மூலையைப் பார்த்தார். பிறகு கூடத்தைக் கடந்து, பெட்டிகளுக்கு நடுவால் வழிபார்த்து நடந்து, படியிறங்கிப் போனார்.